'சே', 'டெல்', 'ஸ்பீக்', 'டோக்': எல்லாம் சொல்லுறதுதானா?

கேள்வி: "நான் யாழ்ப்பாணத்தில ஒரு அலுவலகத்தில வேலை செய்யிறன். ஆங்கிலத்தில மின்னஞ்சல் எழுதினா மேலதிகாரி திருத்தி அனுப்புவார். 'ஹீ செட் மீ' எண்டு எழுதினா 'செட்'டை வெட்டி 'டோல்ட்' போடுறார். சரியெண்டு அடுத்த முறை 'ஹீ டோல்ட் டு மீ' எண்டு எழுதினன், 'டு'வை வெட்டிப்போட்டார். சே, டெல், ஸ்பீக், டோக் எல்லாம் சொல்லுறதுதானே? பிக், லார்ஜ், ஹியூஜிலயும் இதே கரைச்சல். இதுக்கு ஏதும் சட்டம் இருக்கா, இல்லாட்டி எல்லாத்தையும் பாடமாக்கத்தான் வேணுமா?"

மேலதிகாரி வெட்டியது இரண்டும் சரி. சட்டமும் இருக்கிறது, ஆனால் எல்லா இடத்தையும் அது மூடாது. நான் இருபத்தேழு வருடமாக யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். முதலில் பள்ளிக்கூடத்தில், இப்போது பின்னேரங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு. இந்த நாலு வினைச்சொற்களில் வருகிற பிழைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது: எங்கள் ஊர்த் தமிழ் இந்த நாலில் இரண்டை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. மற்ற இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது. அந்த அடைத்து வைத்த இடத்தில்தான் பிழை வருகிறது.

முதலில் பிரித்து வைத்திருப்பதைப் பார்ப்போம். நாங்கள் ஒருவரோடு ஒருவர் 'கதைக்கிறோம்'. 'பேசுறது' என்றால் வீட்டில் ஏச்சு. "அம்மா பேசினவ" என்றால் நல்லாக வாங்கிக் கட்டியிருக்கிறான் என்று அர்த்தம். என்னிடம் படித்த ஒரு பையன் சென்னையில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில், "உங்க பழைய மேனேஜர்கிட்ட நான் பேசுறேன்" என்றாராம். இவன் பதறிப்போய், "ஐயோ வேண்டாம், அவர் நல்ல மனுசன், பேசாதேங்கோ" என்றிருக்கிறான். ஆனால் ஏச்சை விட்டால், எங்களிடமும் பேச்சு இருக்கிறது: கோயில் மண்டபத்தில் பேச்சு, பட்டிமன்றப் பேச்சு, பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பேசுறது, கலியாணத்துக்குப் பேச்சுக்கால். ஒருவர் எழுந்து நின்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தாலோ, விஷயம் கொஞ்சம் சம்பிரதாயமாக இருந்தாலோ அது பேச்சு. படலையடியில் நின்று இரண்டு பேர் மாறி மாறி வாய் திறந்தால் அது கதை.

'ஸ்பீக்'குக்கும் 'டோக்'குக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதுதான். 'டோக்' கதைக்கிறது, இரண்டு பக்கமும் வாய் திறக்க வேண்டும், அல்லது குறைந்தது அப்படி ஒரு சாயல் வேண்டும். 'ஸ்பீக்' பேச்சுக்குக் கிட்ட. ஒரு பக்கத்திலிருந்து வரலாம், மேடையிலிருந்து வரலாம், சம்பிரதாயமாக வரலாம். ஒரு கூட்டத்தில் அதிபர் பெற்றோருக்கு உரையாற்றினார் என்றால் 'த பிரின்சிபல் ஸ்போக் டு த பேரன்ட்ஸ்'. அதே அதிபர் தேநீர் நேரத்தில் ஒரு தகப்பனோடு நின்று கதைத்தார் என்றால் 'டோக்ட்'. சென்னைக்காரருக்கு இரண்டுமே 'பேசினார்'தான். இந்த ஒரு விஷயத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்த உங்களுக்கு வசதி கூட.

இரண்டு இடத்தில் இந்த வசதி உங்களை ஏமாற்றும். ஒன்று, மொழி. "அவர் இங்கிலிஷ் கதைப்பாரோ?" என்றுதான் நாங்கள் கேட்போம், அதனால் 'கேன் ஹீ டோக் இங்கிலிஷ்' என்று வாயில் வந்துவிடும். ஒருவருக்கு ஒரு மொழி தெரியும் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்பீக்' மட்டும்தான். இது உறுதியான சட்டம், இதில் தயங்க வேண்டாம். மற்றது தொலைபேசி. வேலை அழைப்பில் இன்னாரோடு கதைக்கலாமா என்று கேட்கும்போது 'கேன் ஐ ஸ்பீக் டு' என்று தொடங்குவதுதான் வழக்கம். அமெரிக்கர்கள் 'ஸ்பீக் வித்' என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. இதற்கு வெளியே, 'ஐ வில் ஸ்பீக் டு ஹிம்' என்றாலும் 'ஐ வில் டோக் டு ஹிம்' என்றாலும் பெரும்பாலும் ஒருவரும் வெட்டமாட்டார்கள். முதலாவது கொஞ்சம் விறைப்பாக, கண்டிக்கப்போகிறவர் மாதிரி ஒலிக்கும். அது என் காதுக்குப் படுவது, சட்டம் என்று சொல்லமாட்டேன்.

இடையில் ஒன்று. எங்களுக்குக் 'கதை' என்ற பெயரும் 'கதைக்கிறது' என்ற வினையும் ஒரே சொல். ஆங்கிலத்திலும் 'டோக்', கதை என்று பொருள்படும் 'டேல்', 'டெல்' மூன்றும் ஒரே வேரின் பிள்ளைகள். அந்த வேரிலிருந்து வந்த 'டெல்'லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணுதல் என்றும் பொருள் இருந்தது. வங்கியில் காசு எண்ணித் தருகிறவரை 'டெல்லர்' என்பது அந்தப் பழைய பொருளில் மிஞ்சியது. செபமாலை மணிகளை உருட்டுவதை 'டெல்லிங் பீட்ஸ்' என்பதும் அப்படித்தான். இது தெரியாமலும் சரியாக எழுதலாம். ஆனால் 'டெல்' என்பது ஒன்றை எண்ணி ஒருவர் கையில் கொடுக்கிற மாதிரியான வினை என்று மனதில் பதிந்தால், அடுத்து சொல்லப்போவது லேசாகிவிடும்.

இப்போது அடைத்து வைத்த இடத்துக்கு வருவோம்: 'சே', 'டெல்'. தமிழில் இரண்டும் 'சொல்' என்ற ஒரே வினை. அந்த ஒரு வினையோடு நாங்கள் இரண்டு விஷயங்களைச் சேர்க்கலாம். ஆருக்குச் சொன்னது என்பது ஒன்று: எனக்கு, அல்லது என்னட்டை. என்ன வார்த்தை சொன்னது என்பது மற்றது: வாறன் என்று, இல்லை என்று. "எனக்குச் சொன்னவர்", "வாறன் என்று சொன்னவர்", "எனக்கு வாறன் என்று சொன்னவர்", மூன்றுக்கும் ஒரே 'சொன்னவர்' போதும். ஆங்கிலம் இந்த இரண்டு வேலையையும் இரண்டு ஆளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது. வாயிலிருந்து வந்த வார்த்தை முக்கியம் என்றால் 'சே'. கேட்ட ஆளும் அவருக்குப் போய்ச் சேர்ந்த செய்தியும் முக்கியம் என்றால் 'டெல்'. ஆகவே எழுதும்போது உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேட்ட ஆள் இந்த வசனத்தில் இருக்கிறாரா? இருந்தால் 'டெல்'. இல்லாவிட்டால் 'சே'. 'ஹீ செட் தட் ஹீ வோஸ் சிக்': ஆருக்கு என்று இல்லை. 'ஹீ டோல்ட் மீ தட் ஹீ வோஸ் சிக்': எனக்கு. மின்னஞ்சலில் நீங்கள் எழுதும் பத்து வசனத்தில் எட்டு இதிலேயே தீர்ந்துவிடும்.

பிறகு அந்த 'டு'. தமிழில் 'எனக்கு' என்பதில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்த 'கு'வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது 'டு' ஆகிவிடுகிறது, 'டோல்ட் டு மீ' பிறக்கிறது. இதற்கு நான் வகுப்பில் சொல்லும் வழி, 'கிவ்' என்ற வினையை நினைக்கச் சொல்வது. எங்களில் ஒருவரும் 'கிவ் டு மீ த புக்' என்று சொல்வதில்லை. சின்ன வகுப்பிலேயே 'கிவ் மீ த புக்' பழகிவிட்டது. தமிழில் 'எனக்குத் தா' என்று 'கு' இருந்தும், அங்கே ஒருவரும் தடுமாறுவதில்லை. 'டெல்' அப்படியே 'கிவ்'வின் தடத்தில் நடக்கும். 'கிவ் மீ த புக்', 'டெல் மீ த நியூஸ்'. பொருள் முன்னால் வந்து ஆள் பின்னால் போனால் இரண்டுக்கும் 'டு' திரும்பி வந்துவிடும்: 'கிவ் த புக் டு த சைல்ட்', 'டெல் த ஸ்டோரி டு த சைல்ட்'. ஆகவே 'டெல்'லோடு 'டு' எப்போதும் பிழை என்று பாடமாக்க வேண்டாம். வினையும் ஆளும் ஒட்டி நிற்கும்போது நடுவில் 'டு' புகக்கூடாது, அவ்வளவுதான்.

'சே' மறுபக்கம். அதற்கு ஆள் நேரே ஒட்டாது. ஆளைக் கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் 'டு' போட்டே ஆக வேண்டும்: 'செட் டு மீ'. 'செட் மீ' எந்தக் காலத்திலும் பிழை. 'டெல் மீ' நன்றாகப் பழகிய பிறகு வருகிற இன்னொரு நோயும் இருக்கிறது, 'எக்ஸ்பிளெய்ன் மீ'. அதன் கூட்டாளி 'சே'. 'எக்ஸ்பிளெய்ன் டு மீ' என்றுதான் வரும்.

ஆள் இல்லாமலே 'டெல்' வருகிற இடங்கள் சில இருக்கின்றன. பொய், உண்மை, கதை, பகிடி, இரகசியம், மணிக்கூடு பார்த்து நேரம். பொய் சொன்னான் என்பதற்கு 'ஹீ டோல்ட் எ லை'. இதில் ஆருக்கு என்று இல்லை, ஆனாலும் 'சே' வராது. பாடப்புத்தகங்கள் இதை விதிவிலக்கு என்று பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடும். எனக்குத் தமிழில் ஒரு சோதனை கிடைத்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'என்று' போட்டுப் பாருங்கள். "சொறி சொன்னான்" என்பதை "சொறி என்று சொன்னான்" என்று மாற்றலாம், பொருள் மாறாது. அவன் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல்லேதான். ஆகவே 'சே சொறி', 'சே ஹலோ', 'சே யெஸ்'. இப்போது "பொய் சொன்னான்" என்பதை "பொய் என்று சொன்னான்" ஆக்குங்கள். கதையே மாறிவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை, வேறு ஆரோ சொன்னதைப் பொய் என்கிறான். பொய் என்பது அவன் வாயால் சொன்ன சொல் இல்லை, சொன்னதற்கு நாங்கள் வைத்த பெயர். கதையும் பகிடியும் இரகசியமும் அதே வகை. அப்படிப் பெயர் வைத்த இடத்தில் 'டெல்'. ஒரு பிள்ளை "பகிடி" என்ற சொல்லைச் சொல்லிச் சிரிக்க வைக்க ஏலாது தானே.

இந்தச் சோதனை எங்கும் நின்று பிடிக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். செபம் சொல்வது 'சே எ பிரேயர்'. செபம் என்பதும் பெயர்தானே என்று நீங்கள் கேட்டால், அங்கே எழுதி வைத்த வார்த்தைகளை அப்படியே உச்சரிப்பதால் 'சே' வந்தது என்று சமாதானம் சொல்வேன். அது என் சமாதானம். இரண்டு பொருளுக்கு இடையில் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்கு 'டெல் த டிஃபரன்ஸ்' என்று வருவதையும் இந்தச் சோதனை பிடிக்காது. அங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவேயில்லை, பார்த்து அறிகிறார்கள். அதைத் தனியாகப் பாடமாக்கத்தான் வேண்டும்.

ஒரு கடிதத்தை வைத்துப் பார்த்தால் எல்லாம் தெளியும். போன வருடம் என்னிடம் படித்த ஒரு தங்கச்சி, வீட்டு வேலையாக ஒரு அலுவலகத்துக்குப் போய்வந்த கதையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தா. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். நல்ல கெட்டிக்காரி, காலங்களில் ஒரு பிழை இல்லை. சொல்லுற வினைகளில் மட்டும் ஐந்து சிவப்புக் கோடு.

முதலாவது வசனம் 'ஐ டோல்ட் டு த கிளார்க் தட் ஐ கேம் ஃப்ரம் பொயின்ட் பீட்ரோ'. பருத்தித்துறையிலிருந்து வந்தேன் என்று எழுதுவினைஞருக்குச் சொல்லியிருக்கிறா. ஆள் இருக்கிறார், ஆகவே 'டோல்ட்' சரி. வினையும் ஆளும் ஒட்டி நிற்பதால் 'டு' போக வேண்டும். உங்கள் மேலதிகாரி வெட்டியது இதைத்தான்.

இரண்டாவது, 'ஹீ செட் மீ டு கம் டுமோரோ'. நாளைக்கு வரச் சொன்னார். ஒருவரை ஒன்றைச் செய்யச் சொல்வது 'டெல்'லின் வேலை: 'ஹீ டோல்ட் மீ டு கம்'. இதில் ஒரு நெளிவு இருக்கிறது. 'மீ'யை எடுத்துவிட்டு 'ஹீ செட் டு கம் டுமோரோ' என்று ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. நாளைக்கு வரட்டாம் என்கிற மாதிரி. வாயால் சொல்லலாம், அலுவலக மின்னஞ்சலில் எழுத வேண்டாம்.

மூன்றாவதில், தூரம் கூட என்று தான் சொன்ன வார்த்தையை மேற்கோள் குறிக்குள் போட்டு, அதற்கு முன்னால் 'ஐ டோல்ட்' என்று எழுதியிருந்தா. வார்த்தை அப்படியே வந்திருக்கிறது, ஆள் இல்லை. அப்படியென்றால் 'ஐ செட்'. ஆள் இல்லாமல் 'ஐ டோல்ட்' என்று நிறுத்தினால் ஆங்கிலம் பழகிய காதுக்கு "நான் கொடுத்தனான்" என்று சொல்லிவிட்டு நின்ற மாதிரி இருக்கும். ஆருக்கு, என்ன என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

நாலாவது, அவர் சிங்களத்தில் கதைத்தார், எனக்கு விளங்கவில்லை. 'ஹீ டோக்ட் சிங்களா' என்று எழுதியிருந்தா. மொழி வந்துவிட்டதால் 'ஸ்போக்'. கதைத்தவர் என்று நாங்கள் சொல்வதால் வந்த பிழை, மேலே சொன்னதுதான்.

ஐந்தாவது எனக்குப் பிடித்த பிழை. மூன்று மணிக்குப் பூட்டுவதாகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பற்றி 'த நோட்டீஸ் டோல்ட் தட்' என்று எழுதியிருந்தா. ஆங்கிலத்தில் அறிவித்தலும் கடிதமும் மணிக்கூடும் வாய் இல்லாமலே 'சே' பண்ணும்: 'த நோட்டீஸ் செட் தட் தெ குளோஸ் அட் த்ரீ'. தமிழில் "போட்டிருக்கு" அல்லது "எழுதியிருக்கு" என்போம், அறிவித்தல் சொல்லுது என்று சொல்லமாட்டோம். தமிழில் ஒத்த வழக்கு இல்லாததால் எந்த வினையைப் போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறா. அறிவித்தலில் எழுதியிருக்கும் வார்த்தைதானே விஷயம், அதனால் 'சே'.

அந்தக் கடிதத்தில் வராத, ஆனால் உங்கள் மின்னஞ்சல்களில் கட்டாயம் வரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறிவிக்கப்பட்டது என்ற செயப்பாட்டு வசனம். 'ஐ வோஸ் டோல்ட் தட்' என்றுதான் தொடங்க வேண்டும். 'ஐ வோஸ் செட்' கிடையாது. 'சே'க்கு ஆள் நேரே ஒட்டாது என்பதால் அந்த ஆளை எழுவாயாக முன்னுக்குக் கொண்டுவரவும் ஏலாது. ஊரில் சொல்கிறார்கள், சொல்லப்படுகிறது என்றால் மட்டும் 'இட் இஸ் செட் தட்'. அங்கே கேட்ட ஆள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'செட் டு' வந்தால் 'டோல்ட்' ஆக்கு என்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு அது சரி, நானும் அப்படித்தான் படிப்பித்தேன். அதனால் வந்த பக்கவிளைவு, 'செட் டு' என்பதே பிழை என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருப்பது. பிழை இல்லை. 'வட் டிட் யு டெல் ஹிம்' என்று கேட்டால், அவனுக்கு என்ன விஷயம் தெரியப்படுத்தினாய் என்று கேட்கிறார்கள். 'வட் டிட் யு சே டு ஹிம்' என்றால் கவனம் வார்த்தையில். அவனைப் பார்த்து என்ன வார்த்தை விட்டாய் என்ற சாயல் வரலாம். தமிழில் "அவனுக்கு என்ன சொன்னனீ?" என்பதற்கும் "அவனைப் பாத்து என்ன சொன்னனீ?" என்பதற்கும் உள்ள தூரம்தான். இரண்டாவதைக் கேட்டால் ஏதோ சண்டை நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அவ்வளவு காரம் எப்போதும் இருக்காது, இடத்தையும் குரலையும் பார்க்க வேண்டும்.

ஒரே பொருள் போலத் தெரிகிற சொற்களை ஆளும் இடமும் பார்த்துப் பிரிப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது: தன்னிலும் உயர்ந்தவரிடம் கேட்கிற இழிந்தோன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். இன்றைக்கு அந்தக் கட்டு எங்களிடம் இல்லை. கடைக்காரரிடம் தா என்றும் கேட்கமாட்டோம், "தாங்கோ" என்போம். கிட்டப்பொருள் சொற்களின் எல்லை காலத்தோடு நகரும் என்பதற்கு அது நல்ல சாட்சி. 'பிக்', 'லார்ஜ்', 'ஹியூஜ்' மூன்றுக்கும் அப்படி இறுக்கமான எல்லை இன்றைக்கு இல்லை. அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் முதலாவதைப் போலச் சட்டமாகப் பதில் சொல்ல முடியாது.

'பிக் ஹவுஸ்' என்றாலும் 'லார்ஜ் ஹவுஸ்' என்றாலும் பெரிய வீடுதான். 'லார்ஜ்' கொஞ்சம் எழுத்து நடை, விற்பனை விளம்பரத்தில் பார்க்கலாம். பருமனும் அளவும் மட்டும் பேசப்படும் வரை இரண்டும் மாறி மாறி வரலாம். பிரிகிற இடம் 'பெரிய' என்ற சொல் அளவை விட்டு வேறு பக்கம் போகும்போது. பெரியண்ணா, பெரிய மனுசன், பெரிய பிழை, பெரிய முடிவு, இவற்றில் ஒன்றையும் நாடாவால் அளக்க ஏலாது. வயது, மதிப்பு, பாரதூரம். அந்த எல்லாவற்றுக்கும் 'பிக்'. 'பிக் பிரதர்' மூத்த அண்ணன். 'லார்ஜ் பிரதர்' என்று எழுதினால் அண்ணனின் இடுப்பளவு நினைவுக்கு வரும். மறுபக்கம், எத்தனை, எவ்வளவு என்று கேட்கக்கூடிய சொற்களான எண்ணிக்கை, தொகை, அளவு ஆகியவற்றோடு 'லார்ஜ்' போடுங்கள்: 'எ லார்ஜ் நம்பர்', 'எ லார்ஜ் அமவுண்ட்'. நாங்கள் பெரிய தொகை என்பதைப் 'பெருந்தொகை' என்று எழுதினால் ஒரு கனம் வருகிறதல்லவா, அது போல. 'பிக் அமவுண்ட்' என்று பேச்சில் கேட்டிருப்பீர்கள். பிழை என்று சொல்லமாட்டேன், அறிக்கையில் எழுதமாட்டேன்.

'ஹியூஜ்' எங்கள் 'பென்னம்பெரிய'. அதற்குள்ளேயே 'மிகவும்' அடங்கியிருக்கிறது. "சரியான பெரிய மாமரம்" என்போம். "சரியான பென்னம்பெரிய மாமரம்" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் 'வெரி பிக்' வரும், 'வெரி லார்ஜ்' வரும், 'வெரி ஹியூஜ்' காதில் இடறும். இன்னும் ஏற்ற வேண்டும் என்றால் 'அப்சலூட்லி ஹியூஜ்'. இன்னொன்று, 'ஹியூஜ்' போட்டால் எழுதுகிறவரின் வியப்பும் சேர்ந்து வரும். வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் ஒரு தாமதத்தை 'ஹியூஜ் டிலே' என்று நீங்களே எழுதினால் உங்கள் அலுவலகத்தை நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. 'லாங் டிலே' போதும்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது என்பதோடு முடிக்கிறேன். ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த வேலைக்கு உதவாது. நாலு வினைக்கும் 'சொல், கூறு, பேசு' என்றே போட்டிருக்கும். ஆங்கிலம் பிறமொழியாகப் படிக்கிறவர்களுக்கென்றே செய்த அகராதிகள் வேறு. ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயர் 1942இல் டோக்கியோவில் அப்படி ஒன்றை வெளியிட்டார். ஒரு வினைக்குப் பின்னால் ஆள் வருமா, பொருள் வருமா, 'டு' வருமா என்பதை வாய்பாடாக அதில் குறித்தார். ஒக்ஸ்ஃபோர்ட் அதை 1948இல் மறுபடி பதிப்பித்தது. அதன் இன்றைய வடிவத்தைக் கைத்தொலைபேசியில் இலவசமாகப் பார்க்கலாம். `tell` என்று தேடினால் `tell somebody something` என்ற வாய்பாடு தெரியும், `say` என்று தேடினால் `say something to somebody` தெரியும். பொருளை வாசிக்க முதல் அந்த வரியை வாசியுங்கள். இவ்வளவு நேரம் நான் 'கிவ்'வையும் கொடுப்பதையும் வைத்துச் சொன்னது அந்த இரண்டு வரியில் இருக்கிறது. அதே பக்கத்தில் `Which Word?` என்று ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும், கிட்டப்பொருள் சொற்களை ஒன்றாக வைத்துப் பிரித்துக் காட்டுவதற்கு. உங்கள் மேலதிகாரி அடுத்த முறை எதையாவது வெட்டினால் முதலில் அந்த வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவரும் சில நேரம் பிழையாக வெட்டியிருக்கலாம். 'செட் டு மீ'யை வெட்டினால் அது பிழையைத் திருத்தியது ஆகாது, அவருக்குப் பிடித்த நடை அது.